காலையில் 900, எட்டு மணிக்கு 1,400: ஆயுத பூஜை அன்று பூவுக்கு விலை வைப்பது எப்படி

மதுரையில் பூக்கடை போட்ட முதல் வருஷம் ஆயுத பூஜை அன்று அஞ்சு கிலோ மல்லிகையைக் காலை ஒன்பதரைக்குள் விற்று முடித்தேன். கல்லாப்பெட்டி நிறைய காசு. சந்தோஷமாக மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குத் திரும்பிப் போனால், அந்தக் காசுக்கு நாலு கிலோ சொச்சம்தான் வந்தது. நாலரை மணி நேரம் நின்று விற்று, பூவில் அரை கிலோவுக்கு மேல் குறைந்திருந்தேன். காலையில் வாங்கிய விலையை மனசில் வைத்துக்கொண்டே விற்றதுதான் தப்பு. பண்டிகை அன்று புதிதாகக் கடை போடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். அதனால் அதைச் சுற்றியே எழுதுகிறேன். கீழே வரும் ரூபாய்க் கணக்கு எல்லாம் கணக்கைக் காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்ட விலைகள். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் முழத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

மார்க்கெட்டில் பூவைக் கிலோவில் வாங்குகிறோம், கடையில் முழத்தில் விற்கிறோம். ஒரு கிலோவுக்கு உங்கள் கையில் எத்தனை முழம் வரும் என்று தெரியாமல் விலை சொன்னால் அது குருட்டாம்போக்குதான். ஒருவர் 25 என்பார், இன்னொருவர் 40 என்பார். இரண்டும் பொய்யில்லை. நெருக்கமாகக் கட்டினால் முழம் குறையும், இடைவெளி விட்டுக் கட்டினால் கூடும். முழம் போடுகிறவர் கை நீளமும் இருக்கிறது.

பண்டிகைக்கு நாலு நாள் முன்னாலேயே நூறு கிராம் மொட்டை நிறுத்து, நீங்கள் வழக்கமாகக் கட்டும் நெருக்கத்தில் வாழைநாரில் கட்டிப் பாருங்கள். எனக்கு மூன்று முழம் வரும். அப்படியானால் கிலோவுக்கு 30. ஆனால் முப்பதும் காசாகாது. காம்பு ஒடிந்தது, நசுங்கியது, "ஒரு விரக்கட கூடப் போடுக்கா" என்று கேட்டு வாங்கிப் போவது எல்லாம் சேர்ந்து இரண்டு முழம் போய்விடும். ஆகவே என் கணக்கு 28. இந்த எண்ணைக் கடை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். நாள் முழுக்க இதால்தான் வகுக்கப்போகிறோம்.

வாங்கும்போது ஈரத்தையும் பார்க்க வேண்டும். விலை ஏறுகிற நாளில் தண்ணீர் தெளித்த மூட்டை கூடுதலாகவே வரும். ஒரு கை பூவை எடுத்துத் துண்டில் பரப்பி லேசாக ஒற்றி எடுங்கள். துண்டு சொதசொதவென்று ஆனால் கிலோவுக்கு ஐம்பது கிராமாவது தண்ணீருக்குக் காசு கொடுக்கிறீர்கள். கிலோ 900 என்றால் அது 45 ரூபாய், கிட்டத்தட்ட ஒரு முழத்தின் விலை. மொட்டு வெள்ளையாக, விறைப்பாக இருக்க வேண்டும். நுனி பழுப்பேறியிருந்தால் அது நேற்றைய பூ, புதுப் பூவோடு கலந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

விலை ஏன் மணிக்கு மணி மாறுகிறது

மல்லிகை மொட்டு அன்றைக்குப் பறித்து அன்றைக்கே விற்க வேண்டிய சரக்கு. விடிகாலையில் பறித்தது சாயங்காலம் விரிந்துவிடும். விலை ஏறட்டும் என்று யாரும் கிட்டங்கியில் வைத்துக்கொள்ள முடியாது, விலை ஏறிவிட்டது என்று செடியிலிருந்து கூடுதலாகவும் பறிக்க முடியாது. உசிலம்பட்டி, திருமங்கலம், நிலக்கோட்டைப் பக்கங்களிலிருந்து அன்று காலை எத்தனை மூட்டை வருகிறதோ அவ்வளவுதான் சரக்கு. வெளியூருக்கு அனுப்புகிறவர்கள் விடியும் முன்பே பெரிய அளவில் எடுத்துவிடுவார்கள். மிச்சத்துக்கு உள்ளூர்க் கடைக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கை நீட்டும்போதுதான் ஏறுகிறது.

ஆயுத பூஜை புரட்டாசி நடுவிலிருந்து ஐப்பசித் தொடக்கத்துக்குள் வரும், மழைக்காலம் தொடங்குகிற நேரம். முந்தின நாள் சாயங்காலம் தோட்டப் பக்கம் மழை என்றால் மறுநாள் வரத்து குறையும் என்று எடுத்துக்கொள்ளலாம். அன்று காலை மார்க்கெட்டில் இன்னொரு அடையாளம் உண்டு. வெளிச்சம் வந்த பிறகும் வண்டிகள் வந்து மூட்டை இறங்கிக்கொண்டிருந்தால் விலை நிதானமாக இருக்கும். ஆறு மணிக்கே கமிஷன் கடைகளில் தரை தெரிய ஆரம்பித்தால், கூடப் போகிறது என்று அர்த்தம்.

இறங்கவும் செய்யும், அதை மறக்க வேண்டாம். பெரிய வியாபாரிகள் வாங்கி முடித்த பிறகு மீந்த சரக்கு கமிஷன் கடைக்காரருக்குச் சுமைதான். பதினொரு மணிக்கு 1,800 சொன்னவர் பன்னிரண்டரைக்கு "என்ன தருவீங்க, சொல்லுங்க" என்று கேட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் கணக்கு: விடிகாலைச் சரக்கு

காலை ஐந்து மணி. கிலோ 900 வீதம் ஐந்து கிலோ வாங்கியாயிற்று. கட்டுக்கூலி கிலோவுக்கு 150. நார், ஆட்டோ, கவர், கடைக்கு முன்னால் போடுகிற ஈரச் சாக்கு எல்லாம் சேர்த்து 50. மொத்தம் 1,100. இதை 28-ஆல் வகுத்தால் முழத்துக்கு 39 ரூபாய்ச் சொச்சம். 50 என்று விலை வைக்கலாம். ஒரு முழத்துக்குப் பத்து ரூபாய்க்கு மேல் நிற்கும். சாதாரண நாளென்றால் கணக்கு இதோடு முடிந்தது.

பண்டிகை அன்று இதற்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணையும் எழுத வேண்டும்: இப்போது இன்னொரு கிலோ வாங்கினால் முழம் என்ன விலைக்கு அடங்கும்? எட்டு மணிக்கு மார்க்கெட்டில் 1,400 என்று தெரிகிறது. அதோடு செலவு 200 சேர்த்தால் 1,600. 28-ஆல் வகுத்தால் முழம் 57. நீங்கள் 50-க்கு விற்றுக்கொண்டிருக்கிறீர்கள். வாங்கிய விலைக்கு லாபம்தான். ஆனால் ஐந்து கிலோவையும், அதாவது 140 முழத்தையும், அப்படியே விற்றால் கையில் 7,000. அதே ஐந்து கிலோவை இப்போது வாங்கிக் கட்ட 8,000 வேண்டும். நான் முதல் வருஷம் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

ஆகவே விதி இதுதான்: பொழுது இருக்கும்வரை, அடுத்த கிலோவின் அடக்க விலைக்குக் கீழே விற்காதீர்கள். வாங்கிய விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி. இதற்கு மார்க்கெட் விலை உடனுக்குடன் தெரிய வேண்டும். தம்பியோ தெரிந்த லோடுமேனோ ஒருவர் அங்கே இருந்து ஏழு, எட்டு, ஒன்பதரைக்குப் போன் போட்டுச் சொன்னால் போதும். பக்கத்துக் கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பி விலை மாற்றாதீர்கள். அவருக்குச் சரக்கு தேங்கியிருந்தால் ஒன்று சொல்வார், தீர்ந்திருந்தால் வேறு சொல்வார்.

ஏற்றுவதையும் ஒரேயடியாகச் செய்ய வேண்டாம். நான் 50-லிருந்து 60, பிறகு 70 என்று பத்துப் பத்தாகத்தான் போவேன். சில்லறைத் தகராறு வராது, வாங்குகிறவர்களுக்கும் மிரட்சி இருக்காது. அப்படி 40 முழம் 50-க்கும், 60 முழம் 60-க்கும், 40 முழம் 70-க்கும் போனது என்று வையுங்கள். 2,000, 3,600, 2,800, மொத்தம் 8,400. செலவு 5,500 போக 2,900 நிற்கும். எல்லாவற்றையும் 50-க்கே கொடுத்திருந்தால் 1,500தான்.

"ஏக்கா, இப்பத்தானே எங்க அத்தைக்கு அம்பதுன்னு குடுத்தீங்க?" என்று ஒருத்தி கட்டாயம் வந்து நிற்பாள். சரக்கே புதுசு என்று கதை விட வேண்டாம், பூவைப் பார்த்தாலே அவளுக்குத் தெரியும். "அது எட்டு மணிக்கு முன்னாடிம்மா. இப்ப மார்க்கெட்ல ஆயிரத்து நானூறு. இது தீந்தா நான் அந்த விலைக்குத்தான் போய் வாங்கணும்" என்று உள்ளதைச் சொன்னால் பத்தில் ஏழு பேர் முனகிக்கொண்டே வாங்கிவிடுவார்கள். முழம் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு சாண் கொடுங்கள். சாண் என்றால் அரை முழம். விலையைப் பாதிக்கு ஐந்து ரூபாய் கூட வைக்கலாம், துண்டு போட்டு முடி போடுகிற வேலை இருக்கிறது. முழத்தைச் சுருக்கி அதே விலை சொல்கிற பழக்கம் மட்டும் வேண்டாம். பண்டிகைக் கூட்டத்தில் கவனிக்க மாட்டார்கள் என்று நினைப்போம். வீட்டுக்குப் போய்த் தலையில் வைக்கும்போது தெரிந்துவிடும்.

வாடிக்கை வேறு விஷயம். சாமி படத்துக்குத் தினம் இருபது ரூபாய்க்குச் சரம் வாங்கும் கடைகள் வருஷம் முழுக்க அதே இருபதைத்தான் கொடுக்கும். அவர்களிடம் முந்தின நாளே "நாளைக்குச் சரம் சின்னதா இருக்கும் அண்ணாச்சி, இல்லைன்னா நாப்பது ஆகும்" என்று சொல்லிவிட வேண்டும். அன்று காலையில் போய்ச் சொன்னால் சண்டை.

இரண்டாவது சரக்கு வாங்கலாமா?

பண்டிகை நாளில் நஷ்டம் பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. பத்து மணிக்குக் கடை காலி, கல்லா நிறைய காசு, எதிரே கூட்டம். கால் தானாக மார்க்கெட்டுப் பக்கம் போகும்.

முதலில் நேரத்தைக் கணக்குப் போடுங்கள். ஒரு கிலோ மொட்டில் நாலாயிரம் பூவுக்கு மேல் இருக்கும். கை வேகமான ஒருவருக்கே அதைக் கட்டி முடிக்க இரண்டு மணி நேரம் பிடிக்கும். பதினொரு மணிக்கு இரண்டு கிலோ வாங்கி, கட்ட இரண்டு பேர் இருந்தால், முழுதாகக் கைக்கு வருவது ஒன்றரை மணிக்கு. ஆயுத பூஜையில் வியாபாரம் இரண்டு அலையாக வரும். பட்டறை, லேத், ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் காலையில் வந்து மாலையும் சரமும் வாங்கிப் போவார்கள். வீட்டுப் பெண்கள் சாயங்காலம் நாலிலிருந்து ஆறுக்குள் வருவார்கள். நடுவில் ஒன்றிலிருந்து மூன்று வரை தெருவே காலியாக இருக்கும். ஆக, இரண்டாவது சரக்கு சாயங்கால அலைக்கு மட்டும்தான்.

இப்போது விலை. கிலோ 1,800. அன்றைக்குக் கட்டுகிறவர்களும் கூலி கூடக் கேட்பார்கள், நியாயம்தான், 200 வையுங்கள். இதரச் செலவு 50. கிலோ 2,050, இரண்டு கிலோ 4,100. கிடைப்பது 56 முழம். ஒரு முழம் அடக்கம் 73. 90-க்கு விற்கலாம்.

அடுத்து ஒரு வகுத்தல். 4,100-ஐ 90-ஆல் வகுத்தால் 45.6. அதாவது 56 முழத்தில் 46 முழம் முழு விலைக்குப் போனால்தான் போட்ட காசு திரும்பும். லாபம் என்பது கடைசிப் பத்து முழத்தில் இருக்கிறது. 36 முழம்தான் 90-க்குப் போய், மீதி 20 முழத்தை ஆறு மணிக்கு மேல் 30-க்குத் தள்ளினால் 3,240-உம் 600-உம், 3,840. கையிலிருந்து 260 போகும், அன்றைய உழைப்பு தனி. போன வருஷம் சாயங்காலம் நாலிலிருந்து ஆறுக்குள் எத்தனை முழம் போனது என்று நோட்டில் இருந்தால் முடிவெடுப்பது சுலபம். இல்லையென்றால் இரண்டு கிலோ நினைத்த இடத்தில் ஒரு கிலோ வாங்குங்கள். பன்னிரண்டரை வரை பொறுத்து, மார்க்கெட் இளகுகிறதா என்றும் பார்க்கலாம். அப்போது வாங்கினாலும் இரண்டு பேர் சேர்ந்து கட்டினால் ஒரு கிலோ நாலு மணிக்குத் தயார்.

கடனுக்கு எடுத்தால் ஒரு எச்சரிக்கை. ஒரு வருஷம் மூன்று கிலோவை "சாயங்காலம் தர்றேன்" என்று தூக்கிக்கொண்டு வந்தேன். எடுத்தபோது 1,400 என்று காதில் விழுந்தது. சாயங்காலம் போனால் நோட்டில் 1,800 என்று எழுதியிருந்தது. அன்றைய உச்ச விலை அதுதானாம். வாக்குவாதம் செய்ய என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அதிலிருந்து, எடை போட்ட உடனே சீட்டில் எடை, விலை, நேரம் மூன்றையும் எழுதி வாங்கிக்கொண்டுதான் பூவைத் தொடுவேன்.

மாலை ஆர்டர்: முன்னால் சொன்ன விலை கழுத்தைப் பிடிக்கும்

சரத்தில் விலை ஏறினால் அடுத்த ஆளிடம் கூடுதலாகக் கேட்கலாம். பூமாலை ஆர்டரில் அது முடியாது. இரண்டு நாள் முன்னால் விலை பேசி வைத்திருப்பார்கள். ஆயுத பூஜைக்கு வண்டி மாலைதான் அதிகம், அதில் மல்லிகையைவிடச் செவ்வந்தி வேலைதான் பெரிது. செவ்வந்தியும் அன்று சும்மா இருக்காது.

ஒவ்வொரு மாலைக்கும் எந்தப் பூ எத்தனை கிராம் என்று எழுதி வைப்பதுதான் முதல் வேலை. என் கணக்கில் ஒரு ஆட்டோ மாலைக்குச் செவ்வந்தி 400 கிராம் (கழிவு உட்பட), கூலியும் நாரும் 40. செவ்வந்தி கிலோ 150 என்றால் பூவுக்கு 60, அடக்கம் 100. 130 என்று ஆர்டர் எடுக்கலாம் என்று தோன்றும். பண்டிகை அன்று கிலோ 250 ஆனால் பூ மட்டும் 100, அடக்கம் 140. இருபது மாலை ஆர்டர் எடுத்திருந்தால் 200 ரூபாயைக் கொடுத்து இருபது மாலை கட்டித் தந்ததாக ஆகும்.

நான் இப்போது பேசும் முறை இப்படி. "அன்னிக்குக் காலைல பூ விலை எப்படியோ அப்படி அண்ணே. ஆனா நூத்தி எண்பதுக்கு மேல போகாது." வாங்குகிறவர்களுக்கு உச்சம் தெரிந்தால் போதும், சம்மதித்துவிடுவார்கள். உச்ச விலையைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக் கூடாது. 180-ல் கூலி 40 போக 140, அதை 400 கிராமுக்குப் பரப்பினால் கிலோ 350. செவ்வந்தி 350-ஐத் தாண்டினால்தான் கைக்காசு போகும். போன சில வருஷங்களின் உச்சத்தை நோட்டில் பார்த்து, அதற்கு மேல் ஒரு படி வைத்து இந்த எண்ணை முடிவு செய்ய வேண்டும். பாதிப் பணம் முன்பணம். முன்பணம் தராத ஆர்டரை நான் ஆர்டராகவே எண்ணுவதில்லை. விலை இறங்கினால் அவர் அடுத்த கடையில் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

செவ்வந்திக்குப் பதில் செண்டுமல்லி, மல்லிகைக்குப் பதில் சம்பங்கி என்று மாற்றிக் கட்டி விலையைப் பிடிக்கலாம். ஆனால் ஆர்டர் எடுக்கும்போதே "விலை ரொம்பப் போனா நடுவுல செண்டுமல்லி சேர்ப்பேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் மாற்றினால் மாலையைக் கையில் வாங்கும்போதே முகம் மாறும். செண்டுமல்லியின் வாடை வேறு, மூக்கு உள்ள எவருக்கும் தெரிந்துவிடும்.

ஐந்தரைக்கு மேல்

காலையில் சொன்ன விதி இங்கே தலைகீழாகும். அடுத்த கிலோ இனி வாங்கப் போவதில்லை, ஆகவே அதன் விலையைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. வாங்கிய விலையையும் மறந்துவிடுங்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த முழம் இன்றைக்குப் போகாவிட்டால் நாளைக்கு என்ன பெறும்? விரிந்த மல்லிகை என்றால் ஒன்றும் பெறாது. மொட்டாகவே இருக்கும் கொஞ்சத்தை ஈரத் துணியில் சுற்றி ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியில் வைத்தால், விஜயதசமிக் காலையில் பாதி விலைக்காவது போகும். ஐஸ் நேராகப் பூவில் படக் கூடாது, பட்ட இடம் கருத்துவிடும்.

ஆறு மணிக்கு விரல் நுனியால் சரத்தைத் தடவிப் பாருங்கள். மொட்டு வாய் திறந்து இதழ் விரலில் மெத்தென்று பட்டால் அந்தச் சரம் இன்றைக்கு மட்டும்தான். 90 சொன்ன முழத்தை 60, ஆறரைக்கு மேல் 40 என்று இறக்குங்கள். அல்லது "ரெண்டு முழம் நூறு" என்று கட்டாகக் கொடுங்கள். இது எனக்கு இன்னும் பிடித்த வழி, இறக்கியதாகவும் தெரியாது, சரக்கும் இரட்டிப்பாகப் போகும். ஐந்து மணிக்கு 90 கொடுத்து வாங்கியவர் அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

கடையை எடுக்கும் முன் நோட்டில் நாலு வரி எழுதுங்கள். மார்க்கெட் விலை எந்த மணிக்கு எவ்வளவு, கடை விலை எப்போது மாறியது, ஒவ்வொரு விலையிலும் எத்தனை முழம் போனது, எத்தனை முழம் மீந்தது. தூக்கம் கண்ணைச் சொக்கும், நாளைக்கு எழுதலாம் என்று தோன்றும். நாளைக்கு ஞாபகம் இருக்காது, அடுத்த வருஷம் பதினொரு மணிக்குத் தேடப்போவது இந்த நாலு வரியைத்தான்.